ரீபோர் செய்த 100 சிசி பைக்குக்கு முதல் ஆயில்: எதை ஊற்றுவது, எப்போது இறக்குவது

புகை தள்ளிக்கொண்டிருந்த பழைய 100 சிசி பைக்கின் பிளாக்கை லேத்தில் கொடுத்து போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. ஸ்ப்ளெண்டர் மாதிரி காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்ம குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரில் தொடங்கி குளச்சலில் மீன் ஏற்றுகிறவர் வரைக்கும் அதிகம் ஓட்டுவதும் அதைத்தான், அதிகம் ரீபோருக்கு வருவதும் அதுதான். காருக்கும் புல்லட்டுக்கும் காரணங்கள் ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆயில் விஷயம் தானாகப் புரிந்துவிடும். போர் அடித்த பிறகு லேத்காரர் சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல்லை விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வலை பின்னியது போலத் தெரியும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேடு ரிங்கோடு உரசித் தேயும். ரிங்கின் முகமும் புதுசு, சுவரும் புதுசு, இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் தேய்த்துக்கொண்டு பொருந்தினால்தான் கம்ப்ரஷன் கீழே இறங்காமலும் ஆயில் மேலே ஏறாமலும் இருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ரிங் செட்டாவது என்கிறார்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் இல்லை, வெடிப்பின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுவதுதான் பெரிய வேலையைச் செய்கிறது. ஆக இன்ஜினுக்குக் கொஞ்சம் இழுவை கொடுத்தால்தான் ரிங் செட்டாகும், பூப்போல ஓட்டினால் ஆகாது. மேடுகள் தேய்ந்துவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது, பெரும்பகுதி வேலை முதல் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

இந்தத் தேய்மானத்தில் வரும் இரும்புத்தூள் எங்கே போகும்? ஆயிலுக்குள். ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் காரில் இருப்பது போலக் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலையும், கிராங்க் முனையில் கிளட்ச் கவருக்குள்ளே சுழலும் ஒரு கிண்ணமும்தான் இருக்கின்றன. அந்தக் கிண்ணம் சுற்றும் வேகத்தில் கனமான தூளை ஓரத்துக்கு வீசி ஒட்டவைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நுண்ணிய தூள் அதற்கும் தப்பி ஆயிலோடு சுற்றும். அதே ஆயில்தான் கிளட்சுக்கும் கியருக்கும் போகிறது. அதனால் தூளை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல வழி ஆயிலைச் சீக்கிரம் இறக்குவது.

ஆயில் ஊற்றுவதற்கு முன்னால்

இன்ஜினைப் பூட்டுவதற்கு முன்பு மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள், பக்கத்தில் நின்று கேட்டால் இன்னும் நல்லது.

ஒன்று, ஹோனிங் முடிந்த பிளாக்கை எப்படிக் கழுவினார் என்பது. பலரும் பெட்ரோலில் அலசிக் காற்றடித்து விட்டுவிடுவார்கள். பெட்ரோல் எண்ணெய்ப்பசையைத்தான் எடுக்கும், கல்லின் பொடி கோடுகளின் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். முதல் தடவை துணியில் சாம்பல் நிறக் கறை ஏறும். மறுபடி கழுவி மறுபடி துடைக்க வேண்டும், துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும். அந்தச் சாம்பல் கறைதான் கல்பொடி. அது உள்ளே போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் அரைக்கும் மாவாகத்தான் இருக்கும். கழுவியதும் ஆயில் தடவிவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது, நம்ம ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் உப்புக்கும் கழுவிய வார்ப்பிரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும்.

இரண்டு, கிளட்ச் கவருக்குள் இருக்கும் அந்தச் சுழலும் கிண்ணத்தைத் திறந்து துடைத்தாரா என்பது. போர் மட்டும் அடிப்பவர்கள் மேல்பாகத்தைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளட்ச் கவரைத் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம். பழைய பிஸ்டன் சிலிண்டரில் பிடித்து இன்ஜின் நின்றிருந்தால் அதன் அலுமினியத் துகளும் பல வருஷத்துக் கரியும் அந்தக் கிண்ணத்தில் கெட்டியாக அப்பியிருக்கும், கம்பிவலையும் பாதி அடைத்திருக்கும். கவர் கேஸ்கட் ஒன்றின் விலைதான் கூடுதல் செலவு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த ஆயில்

சாதாரண மினரல் ஆயில், பைக்குக்கென்றே விற்பது, உங்கள் வண்டியின் புத்தகத்தில் சொன்ன கிரேடு. இதுதான் பதில். ஸ்ப்ளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. வேறு கம்பெனி வண்டி என்றால் 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 என்று இருக்கும், அதை ஊற்றுங்கள். "புது ரிங் அல்லவா, கொஞ்சம் கெட்டியா ஊத்து" என்று சிலர் சொல்வார்கள். கெட்டி ஆயில் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும், காலையில் கிக்கரை மிதித்தவுடன் கேமும் ராக்கரும் கொஞ்ச நேரம் வறண்டு உரசும். ரீபோர் செய்ததற்காக கிரேடை மாற்ற வேண்டியதில்லை.

பாட்டிலின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். இது முக்கியம். நம்ம பைக்கில் கிளட்ச் தகடுகள் ஆயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டு வேலை செய்கின்றன. எம்ஏ என்றால் அந்தத் தகடுகள் வழுக்காத ஆயில். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, நமக்கு வேண்டாம். காருக்கான ஆயில், அதிலும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்று எழுதிய வகைகள், வழுக்கலைக் கூட்டும் மருந்து கலந்தவை. கிளட்ச் நழுவும், ரிங்கும் செட்டாக நேரமெடுக்கும். அதே காரணத்துக்காகத் தனியாக டப்பாவில் விற்கும் இன்ஜின் டானிக், டெஃப்லான் கலவை, இவை எதையும் இந்தக் கட்டத்தில் உள்ளே விடாதீர்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் ரிங் செட்டாகவே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி அடித்துச் சொல்ல முடியாது, தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக் ஊற்றி வரும் இன்ஜின்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் சிலிண்டர் சுவரில் மேடுகளை முன்கூட்டியே சமப்படுத்தி அனுப்புகிறார்கள், லேத் பட்டறை ஹோனிங் அந்த மாதிரி இல்லை, அது இன்னும் தேய வேண்டியது. அதைவிடப் பெரிய காரணம், முதல் ஆயில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இறங்கப்போகிறது, இரண்டாவதும் சில நூறு கிலோமீட்டரில் இறங்கும். நிறைய நாள் உழைக்கும் என்பதற்காகத்தான் சிந்தெடிக்குக்குக் கூடுதல் விலை, நாம் அதை உழைக்கவே விடப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு மினரல் ஆயில் கூடுதலாக ஒரு பாட்டில் வாங்குங்கள்.

ஊற்றிக் கிளப்புவது

வண்டிப் புத்தகத்தில் ஆயில் அளவு இரண்டு விதமாக இருக்கும். ஆயில் மாற்றும்போது ஊற்றும் அளவு ஒன்று, இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகு ஊற்றும் அளவு இன்னொன்று. பிரித்த இன்ஜின் உள்ளே முழுக்கக் காய்ந்திருக்கும், அதனால் இரண்டாவது அளவு கொஞ்சம் கூடுதல். 900 மில்லி பாட்டில் ஒன்றை ஊற்றி முடித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், டிப்ஸ்டிக் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃபில் வைத்து, கிக்கரை இருபது முப்பது தடவை மெதுவாக மிதியுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் லேசாகச் சுற்றும், பம்ப் ஆயிலை மேலே தள்ள ஆரம்பிக்கும். பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, ஒரு டேப்பட் மூடியைத் தளர்த்தி ஹெட்டில் ஆயில் நனைகிறதா என்று பாருங்கள். அரை நிமிஷத்துக்கு மேல் வறண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆயில் வந்துவிட்டது என்று தெரிந்தால் ஒன்றிரண்டு நிமிஷம் சூடாக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டில் போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் ஸ்லோவில் ஓடவிடும் பழக்கம் நம்ம பக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காத பழக்கம். ஸ்லோவில் ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் இல்லை, நின்ற இடத்தில் காற்று படாமல் பிளாக் மட்டும் சூடேறுகிறது. ஆயில் அந்தச் சூட்டில் சுவரில் வழவழப்பான படலமாகக் காய்ந்து ஹோனிங் கோடுகளை மூடிவிடும். பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங்குக்குத் தேய்க்க மேடே கிடைக்காது.

ஒரு வண்டியின் கதை

என் சித்தப்பா மகனின் வண்டியை வைத்தே சொல்கிறேன். குலசேகரத்தில் இருக்கிறான், பழைய ஸ்ப்ளெண்டர், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப்புகை. நாகர்கோவிலில் போர் அடித்து 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, திருவட்டார் வழியாக வீடு வந்து சேர முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். முதல் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தூரமும் கிடைக்காது, பாதையும் கிடைக்காது. சுங்கான்கடை, வில்லுக்குறி என்று நிறுத்தி நிறுத்திப் போக வேண்டிய சாலை, அப்புறம் ஏற்ற இறக்கம்.

ஓட்டும் முறை இது. இரண்டாவது, மூன்றாவது கியரில் அரை ஆக்சிலேட்டர் வரை நிதானமாக இழுப்பது, பிறகு ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கிளட்ச் பிடிக்காமல் இன்ஜினே வண்டியைத் தடுக்க விடுவது. இழுக்கும்போது அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தேய்க்கும். மூடும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகிக் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து, தேய்ந்த தூளைக் கழுவி எடுக்கும். முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்க வேண்டாம், பின்னால் ஆள் வேண்டாம். இதில் நாலுவழிச் சாலைதான் நமக்கு ஆபத்து. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பி வந்தால் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அறுபதில் போகவே 100 சிசி வண்டிக்கு முழு ஆக்சிலேட்டர் தேவைப்படும். புது பிஸ்டன் சூட்டில் விரிந்து பிடிப்பதற்கு அது போதும். ஆயிரம் கிலோமீட்டர் முடியும் வரைக்கும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அவன் வீடு வந்ததும், சூடு ஆறுவதற்குள் முதல் ஆயிலை இறக்கினோம். சூடாக இருக்கும்போதே இறக்குவது ஏனென்றால் அப்போதுதான் தூள் ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும், ராத்திரி முழுக்க ஆறவிட்டால் அடியில் படிந்து அங்கேயே தங்கிவிடும். இன்ஜினுக்கு அடியில் 17-ஆம் நம்பர் ஸ்பேனரில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் பிடித்தோம். ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்த ஆயில் சாம்பலும் பழுப்புமாக வந்தது. வெயிலில் பேசினைச் சாய்த்தால் ஓரத்தில் வெள்ளி மினுக்கம், சுண்ணாம்புப் பொடியை விட நுண்ணியதாக, விரலில் தேய்த்தால் எதுவும் தட்டுப்படாத மாதிரி. அது சரியான அறிகுறி, ரிங்கும் சுவரும் தேய்ந்த தூள். விரலில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ரிங் உடைவு, கியர் பல், கேம் இவற்றில் ஒன்று. ஒட்டாத வெண்சாம்பல் செதில் என்றால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன் பிடித்து உரசுகிறது. இரண்டிலும் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்கே திருப்புங்கள்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றி, பிறகு ஸ்பேனரில் அளவாக இறுக்குங்கள். கேஸ் அலுமினியம், கண்மண் தெரியாமல் இறுக்கினால் மரை போய்விடும். இந்தத் தடவை புத்தகத்தில் உள்ள ஆயில் மாற்றும் அளவு போதும். டிப்ஸ்டிக் பார்க்கும்போது வண்டியைச் சமதரையில் நடுஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கச் சில நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இரண்டாவது ஆயிலை 300 கிலோமீட்டரில் இறக்குவதாக இருந்தது. 200 தாண்டியதும் அவன் போன் செய்தான், காலையில் இன்னும் லேசாகப் புகை வருகிறது, டிப்ஸ்டிக்கிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, போரே சரியில்லையோ என்று. எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டால், புது இன்ஜின் கெட்டுவிடக் கூடாது என்று டாப் கியரில் முப்பதுக்கு மேல் போவதே இல்லை என்கிறான். ஏற்றத்திலும் அதே டாப் கியர், இன்ஜின் திணறத் திணற. அது மென்மையான ஓட்டம் இல்லை, ரிங் செட்டாகவும் உதவாது, பேரிங்குக்கும் கெடுதல். பேச்சிப்பாறை ரோட்டில் ஏற்றம் வரும்போது மூன்றாவது கியருக்கு இறக்கி அரை ஆக்சிலேட்டரில் இழு, இறக்கத்தில் மூடிவிட்டு இன்ஜின் பிடிப்பில் வா, நடுவில் ஆறவிடு என்று சொன்னேன். 300-ல் ஆயிலை இறக்கியபோது நிறம் முதல் தடவையை விடத் தெளிவு, மினுக்கம் கொஞ்சம்தான். அடுத்த சில நாளில் புகை நின்றுவிட்டது. டிப்ஸ்டிக் அளவும் அதற்குப் பிறகு இறங்கவில்லை.

மூன்றாவது இறக்கம் 1000 கிலோமீட்டரில். அப்போது மினுக்கம் கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் ரிங் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் சிந்தெடிக் வேண்டுமென்றால் ஊற்றிக்கொள்ளலாம், இல்லை மினரலே போதும் என்றாலும் சரி. மினரல் என்றால் புத்தகத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும் 2500, 3000-க்குள் மாற்றிவிடுவது பழைய வண்டிக்கு நல்லது என்பது என் கருத்து.

500 வரை பொறுப்பானேன்?

ஷோரூமில் எடுத்த புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 750 கிலோமீட்டருக்குள் என்பார்கள். அதையே ரீபோர் வண்டிக்கும் வைத்துக்கொள்வது பலர் செய்வது. தொழிற்சாலையில் சிலிண்டர் மெஷினில் கழுவப்பட்டு, சுவர் நுணுக்கமாக முடிக்கப்பட்டு வருகிறது. நம்ம பட்டறையில் எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் கொஞ்சம் கல்பொடி, பூட்டும்போது தடவிய கிரீஸ், கேஸ்கட் ஒட்டும் பசையின் துணுக்கு, பழைய கரி எல்லாம் உள்ளே இருக்கும். இவையெல்லாம் முதல் ஓட்டத்திலேயே ஆயிலில் வந்துவிடும், அதை 500 வரை சுற்றவிட எந்தக் காரணமும் இல்லை. முதல் இறக்கம் 30-லா 60-லா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. 50-க்குப் பக்கத்தில், சூடாக இருக்கும்போது, அவ்வளவுதான்.

இறக்கிய ஆயிலைத் தென்னைமூட்டிலோ ஓடையிலோ ஊற்றாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு விஷயம்

ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் போல வெள்ளை நுரை தெரிந்தால் பதறிவிடாதீர்கள். சந்தைக்கும் வீட்டுக்கும் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும்போது இன்ஜின் முழுசாகச் சூடாகாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிஷம் நன்றாக ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அடியிலும் மொத்த ஆயிலுமே டீ நிறத்துக்கு மாறியிருந்தால்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே இறக்குங்கள்.

புகை நிற்கவே இல்லை என்றால்

500 தாண்டியும் நீலப்புகை வந்தால் எப்போது வருகிறது என்று ஒரு ஆளைப் பின்னால் வரச்சொல்லிக் கவனியுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து மறுபடி திருகும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை என்றால் பெரும்பாலும் வால்வு சீல், அதை மாற்றினால் போதும், பிளாக்கைத் தொட வேண்டாம். இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம். கம்ப்ரஷன் கேஜ் உள்ள பட்டறையில் ஒரு தடவை அளந்து, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, சில தடவை கிக்கரை மிதித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அளவு நன்றாகக் கூடினால் ரிங் சுவரோடு பொருந்தவில்லை. கூடாமல் குறைவாகவே நின்றால் வால்வோ கேஸ்கட்டோ கசிகிறது. ரிங்தான் என்றால் கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பிளாக்கைக் கழற்றிப் பார்த்து, சுவர் கீறல் இல்லாமல் கண்ணாடி போல மினுங்கினால், பெரும்பாலும் ஓவர்சைஸ் மாற்றாமல் லேசாக ஹோனிங் மட்டும் செய்து, அதே அளவில் புது ரிங் போட்டு, சுடுதண்ணீர் சோப்பில் கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.